ஒரே டர்னர், ஒரே சம்பளம், வேறு வேறு கூலி

கேள்வி: சிறப்பு ஆர்டர் கணக்கில் ஆட்கள் சும்மா இருந்தால் கூலி பூஜ்யம் என்று போடுகிறார்கள். ஆட்களுக்கு வேலை நிறைய இருந்தால் கூலிக்கு மேல் இன்னொரு தொகையைக் கூட்டுகிறார்கள். சம்பளம் இரண்டு சமயத்திலும் ஒன்றுதானே? அதுவும் சில புத்தகத்தில் கூலியைச் சேர்க்கிறார்கள், சிலவற்றில் சேர்ப்பதில்லை. எது சரி?

கோயம்புத்தூரில் சிறு பட்டறைகளுக்குக் காஸ்டிங் போட்டுக் கொடுப்பது என் தொழில். (இந்த ஊரில் காஸ்டிங் என்றதும் வார்ப்படம் என்றுதான் நினைப்பார்கள். நான் சொல்வது செலவுக் கணக்கு.) பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறையை வைத்தே சொல்கிறேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன்.

ஆறு டர்னர்கள், எல்லோருக்கும் மாதச் சம்பளம். மணிக்கு வகுத்தால் 120 ரூபாய் வருகிறது. ஒரு நூற்பாலை 250 ஷாஃப்ட் தனி அளவில் கேட்டு, மொத்தம் 1,30,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. இரும்புக்கு 90,000, கரண்ட், டூல் பிட் வகையில் 10,000, டர்னர் நேரம் 200 மணி. வழக்கமான காஸ்ட் ஷீட்டில் கூலி 24,000, அதன் மேல் ஒன்றரை மடங்கு ஓவர்ஹெட் 36,000 ஏறி, 1,60,000 என்று காட்டும். முதலாளி பார்த்த உடனே ‘கட்டாது’ என்பார். ஓவர்ஹெட்டை முதலில் எடுத்துவிடுங்கள். இந்த ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை அதேதான். மிச்சம் இருப்பது கூலி.

முதலில், ஆள் சும்மா இருக்கும் காலம். மழை பிடித்துவிட்டால் விவசாய பம்ப் விற்பனை படுத்துவிடும், லேத் பாதி நேரம் நிற்கும். ஆனாலும் டர்னரை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். போனவர் அடுத்த பட்டறையில் சேர்ந்துவிடுவார், சீசனுக்குத் திரும்பி வரமாட்டார். எனவே அந்த 24,000 எப்படியும் போகிற பணம். ஆர்டரை எடுப்பதால் புதிதாகக் கையை விட்டுப் போவது 1,00,000 மட்டுமே. 30,000 மிச்சம். கூலி பூஜ்யம் என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: சம்பளம் இல்லை என்பதல்ல, இந்த முடிவால் சம்பளம் மாறவில்லை என்பது. அதே ஆட்கள் பீஸ் ரேட்டிலோ நாள் கூலியிலோ இருந்தால் பூஜ்யம் போடக்கூடாது. வேலை இருந்தால்தான் காசு என்பவருக்கு, சும்மா இருந்தவரைக் கூப்பிட்டாலும் முழுக் கூலியும் புதுச் செலவுதான்.

அப்புறம் சீசன். ஆறு பேரும் ஓயாமல் வழக்கமான ஷாஃப்ட் கடைகிறார்கள். ஒரு ஷாஃப்ட்டுக்கு ஒரு மணி நேரம். விலை 800, இரும்பு 380, கரண்ட் டூல் 60. நூற்பாலை வேலைக்கு 200 மணி நேரத்தை எடுத்தால் 200 ஷாஃப்ட் நின்றுபோகும். ஒவ்வொன்றிலும் வரவேண்டிய 800 வராது, செலவாக வேண்டிய 440 மிஞ்சும். நிகர இழப்பு 360. சம்பளம் அசையவே இல்லை, கவனியுங்கள். ஆக 200 மணிக்கு 72,000.

உங்கள் குழப்பம் இங்கேதான் இருக்கிறது. விலையில் மாறும் செலவுகள் போக மிஞ்சுவதைப் பங்களிப்பு என்பார்கள். சில புத்தகங்கள் கூலியையும் கழித்துவிட்டு அதைச் சொல்லும். இந்தக் கணக்கில் அது 360-இல் 120 போக 240. அப்படிச் சொன்னால் கூலி 120-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும், 360 வரும். கூலியைக் கழிக்காமலே பங்களிப்பு 360 என்று கொடுத்திருந்தால் அதுவே முழு விடை, மேலே எதையும் கூட்டக்கூடாது. இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. 360-உடன் 120-ஐச் சேர்த்து 480 போடுவதுதான் பரீட்சையிலும் பட்டறையிலும் நான் அதிகம் பார்க்கும் தப்பு. பங்களிப்பு என்ற எண்ணைக் கண்டதும், அதில் கூலி கழிந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

சரி, 1,00,000 உடன் 72,000 சேர்ந்தால் 1,72,000. நூற்பாலை தரும் விலைக்கு 42,000 நஷ்டம். ஆனால் இன்னொரு வழி உண்டு. வழக்கமான வேலையைத் தொடாமல் ஓ.டி. கொடுக்கலாம். சட்டம் ஓ.டி.க்கு இரட்டைக் கூலி கேட்கிறது. மணிக்கு 240, மொத்தம் 48,000. 72,000-ஐவிட இது குறைவு, ஆகவே கணக்கில் எடுக்க வேண்டியது 48,000. இதற்குக் கீழே போகக்கூடாது என்கிற விலை 1,48,000. மூன்று வாரத்தில் முடிப்பதென்றால் ஆளுக்கு வாரம் 11 மணி நேரம் கூடுதல், அது முடிகிற காரியமா என்று ஃபோர்மேனைக் கேட்காமல் ஓ.டி. தொகையைப் போடாதீர்கள்.

நிஜத்தில் முழுக்கச் சும்மாவும் இருக்காது, முழுக்க பிஸியும் இருக்காது. 80 மணி நேரம் சும்மா இருக்கிறது, மீதி 120 மணி ஓ.டி. என்று வையுங்கள். கூலி 28,800, மொத்தம் 1,28,800. காகிதத்தில் 1,200 ரூபாய் லாபம். நான் எடுக்க மாட்டேன். நாலு ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆனால் இரும்பு மட்டுமே 1,440 போய்விடும்.

அந்த 80 மணி நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆள் நிற்கிறாரா, நடக்கிறாரா என்று பார்த்தால் தெரியாது. வேலை குறைந்தால் எல்லோரும் மெதுவாகச் செய்வார்கள், ஜாப் கார்டில் மணிக்கணக்கு நிரம்பியே இருக்கும். நான் ஒரு ஷாஃப்ட்டுக்கு ஆன நேரத்தைச் சீசன் மாதத்தோடு ஒப்பிடுவேன். ஒரு மணி வேலை ஒன்றேகால் மணி ஆகியிருந்தால் அந்தக் கால் மணிதான் சும்மா இருந்த நேரம். அடுத்து கிரைண்டிங் மெஷின் முன்னால் போய் நிற்பேன். கடைந்த ஷாஃப்ட் அங்கே நாள் கணக்கில் குவிந்து கிடந்தால், டர்னர் எவ்வளவு பிஸியாக இருந்தாலும் விற்பனையைக் கட்டுப்படுத்துவது அவர் இல்லை. கொஞ்ச நேரத்தை நூற்பாலைக்குத் திருப்பினாலும் வழக்கமான விற்பனை ஒன்றும் குறையாது. ஆனால் அந்த ஆர்டருக்கும் கிரைண்டிங் தேவை என்றால் இழப்பை கிரைண்டர் மணியில் கணக்கிட வேண்டும், டர்னர் மணியில் அல்ல. வழக்கமான ஆர்டரை ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தால் வாங்குபவர் பொறுத்துக்கொள்வாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். பொறுப்பார், பின்னால் சும்மா நேரமும் இருக்கிறது என்றால், அந்த 360 தள்ளிப்போகிறதே தவிர கைவிட்டுப் போவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பட்டறையில் மழைக்காலத்தில் கூலி பூஜ்யம் போட்டு விலை எழுதிக் கொடுத்தேன். ஆர்டர் கிடைத்தது, முதலாளி தோளில் தட்டினார். அடுத்த பிப்ரவரியில், பம்ப் சீசன் உச்சத்தில், அதே விலைக்கு அதே ஷாஃப்ட் திரும்ப வந்தது. கொட்டேஷனில் தேதி வரம்பு எதுவும் இல்லை, பழைய வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லவும் முதலாளிக்கு மனமில்லை. அந்தத் தடவை யாரும் தோளில் தட்டவில்லை. இப்போதெல்லாம் சும்மா நேரத்தை வைத்து விலை சொன்னால், ‘இந்த எண்ணிக்கைக்கு மட்டும், 15 நாள் செல்லும்’ என்று விலைக்குக் கீழேயே எழுதிவிடுகிறேன்.