பிசி பழசாகிவிட்டதா, சூடாகிறதா? ஐடில், லோடு வெப்பம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி அனுப்புகிறவர்கள் மூன்று எண்களைச் சேர்த்து அனுப்பும்படி கேட்டிருந்தேன்: அறையின் வெப்பம், பிசி சும்மா இருக்கும்போது உள்ள வெப்பம், கேம் ஆடி இருபது நிமிடம் கழித்து உள்ள வெப்பம். அநேகமாக எல்லாரும் முதல் எண்ணை விட்டுவிட்டார்கள். அது இல்லாமல் மற்ற இரண்டையும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஏசி அறையில் 24 டிகிரியில் சோதித்த பிசியும், மே மாதம் மொட்டை மாடி அறையில் 36 டிகிரியில் சோதித்த பிசியும் ஒரே நிலையில் இருந்தாலும் 12 டிகிரி வித்தியாசம் காட்டும்.

செல்வா, மதுரை: அண்ணா, ஐ5 10400, 1660 சூப்பர். அஞ்சு வருஷ பிசி. முன்னாடி எந்த மேப்னாலும் 90 எஃப்பிஎஸ் வரும், இப்ப 50, 55ல தடுமாறுது. ஐடில் 58, கேம்ல 100. கடையில "ஜெனரேஷன் பழசாயிடுச்சு, மதர்போர்டோட மாத்திடுங்க"ன்னு சொல்றாங்க. மாத்தணுமா?

இப்போதைக்கு ஒரு ரூபாயும் செலவு செய்ய வேண்டாம். முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள் தம்பி. அறை வெப்பம் எவ்வளவு? வேகம் எப்போதிலிருந்து குறைந்தது, கொஞ்சம் கொஞ்சமாகவா, ஒரே நாளிலா?

அப்புறம் வெப்பத்தையும் கிளாக்கையும் காட்டும் HWiNFO64 மென்பொருளைத் திறந்து "Sensors-only" தேர்ந்தெடுங்கள். அதில் "CPU Package" வெப்பம், "CPU Package Power" வாட், கோர்களின் கிளாக், "Core Thermal Throttling" வரி ஆகிய நான்கையும் பாருங்கள். கேமைத் தொடங்கி, முதல் பத்து விநாடியில் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று கண்ணால் கவனியுங்கள்.

செல்வா: ரூம் 33. வாட் ஐடில்ல 15 பக்கம். கேம் லோடு ஆகும்போதே நாலஞ்சு செகண்டுல 95 தாண்டிடுது. கிளாக் 2.5க்கு எறங்குது. த்ராட்லிங் "Yes". யோசிச்சுப் பார்த்தா மார்ச்ல வீடு மாத்தினதுக்கு அப்புறம்தான் இப்படி.

விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. மூப்பு ஒரு சனிக்கிழமையில் வந்து சேராது.

எண்களும் அதையே சொல்கின்றன. வெறும் 15 வாட்டுக்கே அறையைவிட 25 டிகிரி கூடுதல். அந்தச் சின்ன ஸ்டாக் கூலர்கூட இவ்வளவு குறைந்த வெப்பத்தை 10, 12 டிகிரி வித்தியாசத்தில் வெளியே தள்ளிவிடும். அதைவிட முக்கியமானது ஏறும் வேகம். ஹீட்சிங்க் ஒரு உலோகக் கட்டி. சிப்பிலிருந்து சூடு அதற்குள் ஒழுங்காகப் போனால், அது முழுவதும் சூடாகச் சில நிமிடமாவது ஆகும். நாலு விநாடியில் 95 என்றால் சூடு ஹீட்சிங்கை எட்டவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் தொடர்பு விட்டிருக்கிறது.

இந்தச் சிப் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லா கோரும் சேர்ந்து 4.0 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 2.5இல் ஓடுகிறது. எஃப்பிஎஸ் விழ வேறு காரணமே தேவையில்லை.

ஸ்டாக் கூலரில் நான்கு மூலையிலும் கறுப்புப் புஷ் பின் இருக்கும். வண்டியில் குலுங்கி வந்ததில் ஒன்று மேலே எழும்பியிருக்க வாய்ப்பு அதிகம். பவரைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டைப் படுக்கவைத்து, ஒவ்வொரு மூலையையும் விரலால் தட்டிப் பாருங்கள். ஆடுகிற மூலைதான் குற்றவாளி. கூலரைக் கழற்றி, அதற்கும் சிப்புக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். பின்களை எதிரெதிர் மூலையாக, "டக்" சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பேஸ்டை மாற்றாமல் பின்னை மட்டும் அழுத்தினாலும் வெப்பம் குறையலாம், ஆனால் ஒரு முறை தூக்கிய பேஸ்டுக்குள் காற்று புகுந்திருக்கும்.

செல்வா (மறுநாள்): ஒரு பின் வெளியதான் நின்னுச்சு! இப்ப ஐடில் 43, கேம்ல 76, கிளாக் 4.0ல நிக்குது. எஃப்பிஎஸ் பழைய மேப்ல 90 வந்துடுச்சு. ஆனா போன மாசம் வாங்கின புது கேம்ல இன்னும் 48தான்.

அந்த 48 வேறு கதை. அந்தக் கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதம், கார்டின் வெப்பம் 70 சுற்றி, அதன் கிளாக் இறங்காமல் இருந்தால், கார்டு தன்னால் முடிந்ததை முழுதாகக் கொடுக்கிறது என்று பொருள். அங்கே கூலிங்கில் கைவைத்து ஒன்றும் ஆகாது. செட்டிங்கைக் குறையுங்கள், இல்லையென்றால் கார்டு மாற்றக் காசு சேருங்கள்.

பெயர் வேண்டாம்: வருஷம் ஆக ஆக ப்ராசஸரே ஸ்லோ ஆயிடுமா?

நீங்கள் கவனிக்கும் அளவுக்கு ஆகாது. கூடவே இருக்கும் பேஸ்ட் காயும், ஃபேன் பேரிங் தேயும், தூசி அடையும். கேம்களும் கனமாகிக்கொண்டே போகும். இந்த நான்கையும் சேர்த்துத்தான் "பிசிக்கு வயசாயிடுச்சு" என்கிறோம். முதல் மூன்றும் வெப்பத்தில் தெரிந்துவிடும்.

கார்த்தி: என்னோடது ரைசன் 5 3600. ஐடில் 41தான் சார், ஸோ கூலிங் ஓகே. ஆனா அரை மணி நேரம் ஆடினா லேக் ஆகுது. அப்ப இது வயசுதானே?

பாதி சரி. ஐடில் மோசமாக இருந்தால் கூலிங் மோசம் என்று சொல்லலாம். ஆனால் ஐடில் நன்றாக இருப்பதால் கூலிங் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சும்மா இருக்கும்போது வரும் கொஞ்ச சூட்டை, தூசி அடைத்த ஹீட்சிங்கும் சமாளித்துவிடும். "அரை மணி நேரம் ஆடினா" என்றீர்களே, அதுதான் துப்பு. செல்வாவுக்கு விநாடிகளில் நடந்தது உங்களுக்கு நிமிடங்களில் நடக்கிறது. ஹீட்சிங்குக்குச் சூடு போகிறது, அங்கிருந்து வெளியே போக வழியில்லாமல் தேங்குகிறது.

ஒரே ஒரு சோதனை. லேக் தொடங்கும் நேரத்தில் "CPU (Tctl/Tdie)" வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமை நிறுத்தாமல் கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஆடுங்கள்.

கார்த்தி: 94 இருந்தது 81 ஆச்சு. லேக்கும் போச்சு.

13 டிகிரி இறங்கினால் குறை கேபினெட்டின் காற்றோட்டத்தில். முன்பக்க வலையைக் கழற்றிப் பாருங்கள், கம்பளி மாதிரித் தூசி உரிந்து வரும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும். கதவைத் திறந்தே வைத்து ஆடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆடலாம், வீட்டில் பூனை இல்லையென்றால். என் பெஞ்சுக்கு வந்த ஒரு கேபினெட்டுக்குள் பல்லி முட்டை இருந்தது.

கதவைத் திறந்தும் இரண்டு மூன்று டிகிரிதான் இறங்குகிறது என்றால் காற்றோட்டத்தை விட்டுவிட்டு கூலரையும் பேஸ்டையும் பாருங்கள்.

மீனா, கோவை: எனக்கும் 3600தான். நான் எதுவுமே பண்ணல, வெப்பம் 38க்கும் 56க்கும் நடுவுல குதிச்சிக்கிட்டே இருக்கு. ஃபேனும் உர் உர்னு ஏறி இறங்குது. பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம். அந்தச் சிப்பின் குணமே அதுதான். பின்னணியில் ஏதாவது ஒரு சின்ன வேலை வந்தால் ஒரு கோர் நொடியில் முழு வேகத்துக்குப் போய்த் திரும்பும். ஐடில் பார்க்கும்போது "Maximum" பத்தியைப் பார்க்காமல், பத்து நிமிட "Average" பத்தியைப் பாருங்கள். ஃபேன் சத்தம் தொல்லை என்றால் பயாஸில் ஃபேன் கர்வை 60 டிகிரி வரை சமமாக வைத்துவிடுங்கள்.

ரஷீத்: ஆர்டிஎக்ஸ் 2070. ஜிபியு 74 காட்டுது, சூப்பரா இருக்கு. ஆனா ஃபேன் ஜெட் மாதிரி கத்துது, கிளாக்கும் முன்ன மாதிரி இல்ல. ஏன்?

74 மட்டும் பார்த்தால் சூப்பர்தான். கீழே "GPU Hot Spot Temperature" என்று இன்னொரு வரி இருக்கும், சிப்பில் மிகச் சூடான இடத்தின் வெப்பம் அது. எவ்வளவு?

ரஷீத்: 106.

அப்படியானால் 32 டிகிரி இடைவெளி. 10 முதல் 15 வரை இயல்பு, 20 வரை விடலாம். 25ஐத் தாண்டினால், சிப்பின் ஒரு பக்கத்தில் பேஸ்ட் ஒதுங்கியோ காய்ந்தோ போயிருக்கிறது என்று சந்தேகப்படுவேன். ரீபேஸ்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் கார்டைப் பிரிப்பது ப்ராசஸர் கூலர் மாதிரி எளிதல்ல. மெமரி சிப்களின் மேல் உள்ள தெர்மல் பேடு கிழிந்தால் அதே தடிமனில்தான் புதிது போட வேண்டும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் உட்காராது, முன்பைவிட மோசமாகும். பழக்கமில்லையென்றால் செய்து பழகியவரிடம் கொடுங்கள்.

அருண்: என் லேப்டாப்புக்கு எந்த ஏர் கூலர் நல்லது?

லேப்டாப்புக்குள் ஏர் கூலர் மாட்ட முடியாது அருண். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். கேமில் 95 தொடுவது பல லேப்டாப்களில் புதிதாக வாங்கிய அன்றே நடக்கும், அதை மட்டும் வைத்துக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது.

விக்னேஷ்: செல்வாவுக்குச் சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. 10400இல் கிளாக் இறங்கினாலே வெப்பம் என்று நினைத்துவிடக் கூடாது. சில போர்டுகளில் 28 விநாடிக்குப் பிறகு 65 வாட் வரம்புக்குள் வந்துவிடும். Cinebench R23 ஓடும்போது 62 டிகிரியிலேயே கிளாக் இறங்குவதை என் பிசியில் பார்த்திருக்கிறேன்.

உண்மை, நான் சொல்லியிருக்க வேண்டும். கிளாக் இறங்கியது, வெப்பம் எல்லைக்கு 20 டிகிரிக்குக் கீழேயே நிற்கிறது, வாட் மட்டும் 65இல் ஆணியடித்ததுபோல நிற்கிறது என்றால் அது பவர் வரம்பு. புதுக் கூலர் வாங்கினால் காசு வீண். செல்வாவுக்கு த்ராட்லிங் "Yes" என்று வந்ததால் அங்கே குழப்பமில்லை. ஆனால் கேம்கள் பெரும்பாலும் அந்தப் பிராசஸரை 65 வாட் வரை இழுப்பதில்லை, அதனால் இது பெஞ்ச்மார்க்கில்தான் அதிகம் தெரியும் என்பது என் அனுபவம்.

விக்னேஷ்: சில புதுக் கேம்கள் இழுக்கின்றன.

சரி, ஒத்துக்கொள்கிறேன்.

தேவி: எனக்கு வெப்பம் எல்லாம் நல்லாதான் இருக்கு. ரூம் 30, ஐடில் 39, கேம்ல ப்ராசஸர் 68, கார்டு 66, ஹாட் ஸ்பாட் 79. கிளாக்கும் இறங்கல. ஆனா சரியா இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு செகண்ட் உறையுது. இது கூலிங்கா, வயசா?

உங்கள் எண்களில் எனக்குக் குறையே தெரியவில்லை. கூலிங் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். வயது என்றும் சொல்ல மாட்டேன், கேமுக்கு ஈடுகொடுக்க முடியாத பழைய கார்டு எல்லா நேரமும் மெதுவாக ஓடும், இப்படிக் கடிகாரம் பார்த்து உறையாது. பின்னணியில் நேரம் வைத்து ஓடும் ஏதோ ஒரு மென்பொருள், இல்லையென்றால் கேம் இருக்கும் டிஸ்க் என்று நினைக்கிறேன். உறையும் கணத்தில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் வரி 100 சதவீதம் தொடுகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

தேவி: பார்த்தேன். டிஸ்க் 4 சதவீதம்தான்.

அப்படியானால் டிஸ்க்கும் இல்லை. HWiNFO64இல் லாகிங் பட்டனை அழுத்தி ஒரு மணி நேரம் ஆடி, அந்தக் கோப்பை அனுப்புங்கள். உறைந்த நேரங்களைக் கைக்கடிகாரம் பார்த்துத் தனியாகக் குறித்து வையுங்கள்.