ஐந்தாவது ஆள் வந்த பிறகு

அன்புள்ள ஐயா,

எங்கள் அண்ணன் சிறிய டிபன் கடை ஒன்றை நடத்துகிறார். மாலையில் தோசைக்குக் கூட்டம் தாங்காமல் ஐந்தாவதாக ஓர் ஆளையும், பிறகு ஆறாவதாக இன்னோர் ஆளையும் சேர்த்தார். தோசையின் எண்ணிக்கை கூடவில்லை. இப்போது முன்பைவிடக் குறைகிறது. புதிதாக வந்தவர்கள் சோம்பேறிகள் என்கிறார் அண்ணன். கல்லூரியில் படிக்கும் என் மகளோ இது குறைந்து செல் விளைவு விதி என்கிறாள். பின்னால் சேர்பவர்கள் திறமை குறைந்தவர்கள் என்பதுதான் அந்த விதியா?

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொல்வது சரி. ஆனால் கடைசியில் வந்தவரின் கைத்திறனைப் பற்றி அந்த விதி ஒன்றுமே சொல்வதில்லை. எல்லா ஆட்களும் சம திறமை உடையவர்கள் என்று வைத்துக்கொண்டுதான் அது பேசத் தொடங்குகிறது. ஆறாவதாக வந்தவரை முதலில் சேர்த்து, முதலில் இருந்தவரை ஆறாவதாக நிறுத்தினாலும் கணக்கு மாறாது. மாறாமல் இருப்பது அடுப்பும், கல்லும், அந்த நான்கு சுவர்களும்தான். விளைவு குறைவதற்கான காரணத்தை அங்கேதான் தேட வேண்டும். மாறாத அவற்றோடு ஆட்களை மட்டும் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்குப் பிறகு ஒவ்வொரு புதியவராலும் கூடும் விளைவு முந்தியவரால் கூடியதைவிடக் குறையும் என்பதுதான் விதி.

உங்கள் அண்ணனின் கடைக்கணக்கு என்னிடம் இல்லாததால், அதைப் போன்ற ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்கிறேன். ஒரே பெரிய தோசைக்கல்; ஒரு நேரத்தில் நான்கு தோசை வார்க்கலாம். கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தேய்ப்பதையும் சேர்த்து ஓர் ஈடுக்கு மூன்று நிமிடம் ஆகும் என்றால், மணிக்கு 80 தோசை. மாலை ஆறிலிருந்து பத்துவரை கல் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காவிட்டாலும் 320 தோசைக்கு மேல் அதிலிருந்து வராது.

இந்த அடுக்களையில் மாஸ்டர் ஒருவர் மட்டும் இருந்தால், மாவை ஊற்றிவிட்டு வெங்காயம் நறுக்கப் போவார். சட்னியை எடுத்து ஊற்றுவார், பார்சல் கட்டுவார், திரும்பி வந்து தோசையை எடுப்பார். கல் பெரும்பாலான நேரம் காலியாகவே காயும். மாலை முழுவதற்கும் 80 தோசைதான் தேறும். இரண்டாவது ஆள் வந்ததும் மாஸ்டர் கல்லைவிட்டு நகர வேண்டியதில்லை. நறுக்குவது, மசாலா எடுத்துக் கொடுப்பது, தட்டில் வைப்பது எல்லாம் மற்றவர் பொறுப்பு. மொத்தம் 190 ஆகிறது. அதாவது இரண்டாமவர் வந்ததால் கூடியது 110. முதலாமவர் தனியாகச் செய்ததைவிட அதிகம். வேலையைப் பிரித்துக்கொள்வதால் தொடக்கத்தில் விளைவு இப்படி ஏறுவது இயல்பே. விதி இதை மறுக்கவில்லை.

மூன்றாமவர் பார்சலையும் சட்னியையும் எடுத்துக்கொள்ள, மொத்தம் 260 ஆகிறது; கூடுதல் 70. நான்காமவர் வந்தால் 300; கூடுதல் 40. ஐந்தாமவருக்குப் பிறகு 310. கூடுதல் வெறும் பத்து. ஆறாமவர் வந்தபின் 295, அதாவது பதினைந்து குறைவு. ஓர் ஆளைச் சேர்ப்பதால் கூடும் இந்த எண்ணிக்கையைத்தான் பாடநூல் இறுதிநிலை உற்பத்தி என்கிறது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தக் கடையில் கூடுதல் விளைவு குறையத் தொடங்கியது ஆறாவது ஆளிடம் அல்ல, மூன்றாவது ஆளிடம். 110 என்பது 70 ஆனபோதே விதி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஆனால் மொத்தம் ஏறிக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. மொத்தமே இறங்குவது அதற்கு வெகு பின்னால் வரும் நிலை. உங்கள் அண்ணன் அந்த நிலையில்தான் விழித்துக்கொண்டிருக்கிறார்.

ஆறாமவரால் ஏன் குறைய வேண்டும்? கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் நிற்க மட்டுமே இடம் இருக்கிறது. பின்னால் இருக்கும் மாவு வாளியை எடுக்க ஒருவர் வந்தால் மாஸ்டர் ஓரடி ஒதுங்க வேண்டும். அவர் ஒதுங்கும் அந்தப் பத்து நொடியில் ஓரத்துத் தோசை கருகும். கருகியதைச் சுரண்டி எடுத்து, கல்லை மறுபடி தேய்த்து, எண்ணெய் விட்டு ஊற்றுவதற்குள் ஓர் ஈடு போய்விடும். ஒரே பார்சலை இரண்டு பேர் கட்டி, வேறொன்றை யாருமே கட்டாமல் விடுவதும் இந்த நிலையில்தான் நடக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்த்து முதலாளி சோம்பேறி என்கிறார். பாவம், நிற்பதைத் தவிர அவருக்கு அங்கே வேறு வேலை இல்லை.

சரி, எத்தனை பேரோடு நிறுத்துவது? மாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் போக ஒரு தோசைக்கு 20 ரூபாய் மிஞ்சுகிறது, ஒருவருக்கு மாலைச் சம்பளம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்காமவர் கூட்டிய 40 தோசையால் 800 ரூபாய் வருகிறது. அவருக்கு 500 கொடுப்பதில் நட்டமில்லை. ஐந்தாமவர் கூட்டிய பத்துத் தோசையால் வருவது 200 ரூபாய் மட்டுமே. ஆனால் முதலாளிகள் பெரும்பாலும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. 310 தோசையை ஐந்து பேருக்குப் பங்கிட்டு, ஆளுக்கு 62 தோசை, 1,240 ரூபாய் வருமானம், சம்பளம் 500தானே என்று திருப்தி அடைகிறார்கள். சராசரி இப்படித்தான் ஏமாற்றும். சம்பளம் போக நான்கு பேரோடு கையில் நிற்பது 4,000 ரூபாய். ஐந்து பேரோடு 3,700. மூன்று பேரோடு நடத்தினாலும் அதே 3,700தான்.

இந்தக் கருத்து முதலில் வயலில் பிறந்தது. பிரான்சின் நிர்வாகியும் பொருளியல் சிந்தனையாளருமான துர்கோ, 1760களின் இறுதியில், உழாத நிலத்தில் வீசிய விதை ஏறக்குறைய வீண் என்றும், ஒரு முறை, இரு முறை, மூன்று முறை என உழும்போது விளைச்சல் செலவைவிட வேகமாகக் கூடும் என்றும், ஓர் எல்லைக்குப் பிறகு கூடுதல் செலவுக்குக் கிடைக்கும் கூடுதல் விளைச்சல் சுருங்கிக்கொண்டே போகும் என்றும் எழுதினார். 1815இல் இங்கிலாந்தில் தானிய இறக்குமதி பற்றிய சர்ச்சையின்போது மால்தஸ், வெஸ்ட், ரிக்கார்டோ ஆகிய பொருளியலாளர்கள் நிலவாடகையை விளக்க இதைக் கையாண்டார்கள். அவர்களுக்கு மாறாமல் இருந்தது நிலம். உங்கள் அண்ணனுக்குத் தோசைக்கல்.

ஆகவே மாறாமல் இருப்பது மாறினால் கணக்கும் மாறும். இரண்டாவது கல் போட இடமும் அடுப்பும் இருந்தால், ஐந்தாமவரின் பத்து ஐம்பதாகக்கூட ஆகலாம். அந்தப் புதிய அமைப்பிலும் பின்னர் வேறோர் ஆளிடம் குறைவு தொடங்கும். பக்கத்தில் இதே அளவில் இன்னோர் அடுக்களையையே திறந்து அங்கே நான்கு பேரை நிறுத்துவது வேறு விஷயம். எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கும் அந்த இடத்துக்கு இந்த விதி வராது.

உங்கள் அண்ணன் கூட்ட நேரத்தில் கல்லாவைவிட்டு எழுந்து, கால் மணி நேரம் கல்லை மட்டும் பார்க்கட்டும். கல் காலியாக இருந்து மாவுக்கோ ஆளுக்கோ காத்திருந்தால் ஆள் போதவில்லை என்று பொருள். கல் நிறைந்திருக்க, ஆட்கள் தட்டோடு காத்திருந்தால், இனிச் சேர்க்கும் எவராலும் பயனில்லை. ஐந்தாமவரை அனுப்ப மனம் வராவிட்டால், அவரைப் பிற்பகல் மூன்று மணிக்கு வரச்சொல்லி, வெங்காயம் நறுக்குவதையும் உருளைக்கிழங்கு மசாலாவையும் அப்போதே முடித்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகச்சொல்லலாம். அந்த நேரத்தில் அடுக்களை காலியாகத்தான் கிடக்கும். மாலையில் நறுக்குவதற்கென்று ஒருவர் நிற்க வேண்டியிராது என்பதால், நான்கு பேர் தேவையா, மூன்று பேரே போதுமா என்பதையும் அப்போது புதிதாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.