வாலட்டில் 600 ரூபாய்தான் இருக்கிறது, லிமிட் எப்படித் தாண்டியது?

கேள்வி: என் மொபைல் வாலட்டில் 2-ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து 7,000 ரூபாய் போட்டேன். செலவு போக 600 ரூபாய் மிச்சம். 18-ஆம் தேதி யுபிஐ மூலம் மேலும் 5,000 போடப் பார்த்தபோது லிமிட் தாண்டிவிட்டது என்று வந்தது. ஆனால் வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. சரி, இருக்கிற 600-ஐயாவது தங்கையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம் என்றால் அதுவும் மறுப்பு. கேஒய்சி முடிக்கவில்லை என்று ஒரு அறிவிப்பு ரொம்ப நாளாக வருகிறது. அதுதான் காரணமா?

பதில்: ஆமாம், இரண்டு மறுப்புக்கும் அதுதான் காரணம். ஆனால் டாப்-அப் நின்றது ஒரு விதியால், தங்கைக்கு அனுப்ப முடியாமல் போனது வேறொரு விதியால். இரண்டையும் தனித்தனியாகப் புரிந்துகொண்டால் அடுத்த மாதம் இதே இடத்தில் மறுபடி முட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

அதற்கு முன்னால் கழிந்துபோன 5,000 ரூபாய். யுபிஐயில் இப்படிச் செலுத்தும்போது கணக்கில் பணம் கழிந்து, பெறுபவர் பக்கம் உறுதியாகவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதி. அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கிக் கணக்கு விவரத்தில் அந்தப் பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க யுபிஐ எண் இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் கடந்தும் வரவில்லை என்றால், பணம் செலுத்திய செயலியிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் திரும்பி வரும்வரை மறுபடி முயன்று பார்க்காதீர்கள். அதே தடையில் இன்னொரு 5,000 ரூபாயும் போய் நிற்கும்.

இப்போது டாப்-அப். மொபைல் எண்ணை ஓடிபி மூலம் உறுதி செய்து, பெயரையும் ஒரு அடையாள ஆவணத்தின் எண்ணையும் நீங்களே எழுதிக் கொடுத்துத் தொடங்கிய வாலட் உங்களுடையது. அந்த விவரங்களை யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை. ரிசர்வ் வங்கியின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட வாலட்டுக்கு இரண்டு வரம்புகள் வைக்கின்றன. ஒரு மாதத்தில் உள்ளே போடும் மொத்தத் தொகை 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. எந்த நேரத்திலும் உள்ளே இருக்கும் இருப்பும் 10,000-ஐத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் ஒரே எண் என்பதால்தான் இவ்வளவு குழப்பம். நிறைய பேர் இருப்பை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள்.

உங்கள் கணக்கையே பார்ப்போம். இருப்பு 600, அதோடு 5,000 சேர்ந்தால் 5,600. இருப்பு வரம்பு தடுக்கவில்லை. ஆனால் இந்த மாதம் ஏற்கெனவே 7,000 போட்டுவிட்டீர்கள். அதோடு 5,000 சேர்ந்தால் 12,000. அங்கேதான் நின்றது. செலவு செய்தால் இருப்பு குறையும், உள்ளே போட்ட தொகையின் கணக்கு குறையாது. அன்று 3,000 போட்டிருந்தால் தடையில்லாமல் போயிருக்கும்.

அடுத்த மாதம் வேறொரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கிவிட்டதே என்று முழு 10,000 போடப் போவீர்கள். மாத வரம்பு இடம் கொடுக்கும். ஆனால் பழைய 600 அப்படியே இருந்தால் இருப்பு 10,600 ஆகிவிடும், மறுபடி மறுப்பு வரும். அன்றைக்கு 9,400 வரைதான் போட முடியும். வாலட்டிலிருந்து செலுத்திய பணம், ஆர்டர் ரத்தாகித் திரும்பி வந்தால் மட்டும் இந்தத் தடை இல்லை. இருப்பு வரம்பைத் தாண்டினாலும் அதை வாலட்டில் வரவு வைத்தே ஆக வேண்டும். ஆனால் அப்படி வந்து சேர்ந்த தொகை இருப்பை உயர்த்திவிடுவதால், அடுத்த டாப்-அப்புக்கு இடம் குறையும். நிதியாண்டுக்கு 1,20,000 ரூபாய் என்று ஒரு வரம்பும் இருக்கிறது. மாத வரம்புக்குள் இருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தங்கைக்கு அனுப்ப முடியாததற்கும் தொகைக்கும் தொடர்பே இல்லை. 600 ரூபாய் இல்லை, 6 ரூபாய் என்றாலும் போகாது. சரிபார்ப்பு முடியாத வாலட்டிலிருந்து பொருளும் சேவையும் வாங்கலாம், அவ்வளவுதான். இன்னொருவருக்கு அனுப்பவோ ரொக்கமாக எடுக்கவோ அனுமதியே கிடையாது. தொகையைக் குறைத்துக் குறைத்து முயன்று பலர் ஒரு நாளையே வீணாக்குகிறார்கள். வாடிக்கையாளர் சேவையில் பேசினாலும் இதை அவர்களால் மாற்றிக் கொடுக்க முடியாது.

அப்படியென்றால் கேஒய்சி முடித்தாக வேண்டுமா? வாலட்டை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தங்கைக்குப் பணம் அனுப்புவது மட்டும்தான் தேவை என்றால், வங்கிக் கணக்கிலிருந்தே யுபிஐயில் நேராக அனுப்பிவிடுங்கள். நடுவில் வாலட் வேண்டாம். அந்த 600-ஐ ஏதாவது வாங்கிச் செலவழிக்கலாம். இல்லையென்றால் வாலட்டை மூடச் சொல்லுங்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பிவிடும், இதற்குக் கேஒய்சி முடிக்கத் தேவையில்லை. இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாமல், சிறு சிறு தொகைகள் பழைய வாலட்டுகளில் முடங்கிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேறு யாராவது ரொக்கம் கொடுத்து நிரப்பும் வகை வாலட் வைத்திருந்தால், ஒன்றைக் கவனியுங்கள். தொடங்கி 24 மாதங்களுக்குள் முழுச் சரிபார்ப்பு முடிக்கவில்லை என்றால், அதன்பின் உள்ளே பணமே போட முடியாது. மீதி இருப்பதைச் செலவழிக்க மட்டும் முடியும்.

வாலட்டைத் தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் முடித்துவிடுவதே நல்லது. வீடியோ மூலம் செய்யலாம். கையில் அசல் பான் கார்டு இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கார்டு இல்லாமல் இ-பான் மட்டும் வைத்திருப்பவர்கள் அதை அச்சிட்டுக் காட்டுகிறார்கள். வீடியோ சரிபார்ப்பில் அந்த அச்சுப் பிரதி செல்லாது. மின்னணு ஆவணமாகவே கொடுக்க வேண்டும். இன்னொரு இடைஞ்சல் நம் பெயரின் இனிஷியல். ஆதாரில் ஓர் எழுத்தாகவும் பானில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால், பெயர் பொருந்தவில்லை என்று நிலுவையில் போட்டுவிடுவார்கள். ஆவணம் கொடுத்தும் பழைய வரம்பே தொடர்கிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஒரு ஆவணத்தைத் திருத்திய பிறகு மறுபடி விண்ணப்பியுங்கள்.

சரிபார்ப்பு முடிந்ததும் இருப்பு வரம்பு 2,00,000 ரூபாய் வரை உயரலாம். பெறுநராக முன்கூட்டியே பதிவு செய்யாதவர்களுக்கு மாதம் 10,000 வரை அனுப்பலாம். தங்கையைப் பெறுநராகப் பதிவு செய்துவிட்டால் அவருக்கு மட்டும் மாதம் 2,00,000 வரை. இதெல்லாம் ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்ச அளவு, உங்கள் நிறுவனம் இதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம். புதிதாக ஒருவரைச் சேர்த்ததும், பணம் போட்டதும் சிறிது காத்திருப்பு நேரம் இருக்கும். அந்த நேரத்தில் வரும் மறுப்பைப் பார்த்து கேஒய்சி மறுபடி போய்விட்டதோ என்று பதற வேண்டாம்.

ரொம்ப நாளாக அறிவிப்பு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது செயலிக்குள் வருகிறதா, குறுஞ்செய்தியில் இணைப்போடு வருகிறதா? குறுஞ்செய்தி என்றால் அந்த இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். இன்றே கேஒய்சி முடிக்காவிட்டால் வாலட் முடங்கும் என்று மிரட்டி ஓடிபி கேட்பது, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வது எல்லாம் மோசடிக்காரர்களின் வழக்கமான வழி. செயலியை நீங்களாகத் திறந்து, சுயவிவரப் பக்கத்தில் உங்கள் கேஒய்சி நிலை என்னவென்று பாருங்கள். மேலே சொன்ன வீடியோ சரிபார்ப்பையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.