ஆலோசனை பாதியில் இருக்கும் ஒரு மாணவரின் கோப்பை அடுத்த ஆலோசகரிடம் ஒப்படைப்பது எப்படி? கேள்வி பதில்

பதில் அளிப்பவர்: பெங்களூரில் நீண்ட காலமாகப் பள்ளி ஆலோசகராகப் பணியாற்றுபவர்

"மாத இறுதியில் விலகுகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிய என் குறிப்பு 11 பக்கம் வந்துவிட்டது. எதை விடுவது?" (தில்லி, ஆலோசகர்)

புதிதாக வருபவர் முதல் நாளிலேயே ஒன்றைச் செய்யவோ தவிர்க்கவோ உதவும் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். அவன் உங்களை நம்பி அழுதுகொண்டே சொன்னவை பெரும்பாலும் அந்தச் சோதனையில் தேறுவதில்லை. நான் ஒப்படைத்த ஒரு குறிப்பை, அடையாளங்களை மாற்றித் தருகிறேன்.

"கோப்பு 14, ஒன்பதாம் வகுப்பு. ஜூலை முதல் புதன்தோறும் சந்திப்பு. கையைக் கீறிக்கொள்கிறான், கடைசியாக ஆகஸ்ட் 20 என்று அவன் சொன்னான். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று செப்டம்பர் 9 அன்று நேரடியாகக் கேட்டேன், இல்லை என்றான். தாங்க முடியாதபோது விளையாட்டு ஆசிரியரிடம் போக ஒப்புக்கொண்டுள்ளான். ஆசிரியருக்கு அந்த ஏற்பாடு தெரியும், காரணம் தெரியாது. தாய்க்கு எல்லாம் தெரியும். வெளியே மனநல மருத்துவரைப் பார்க்கிறான். அவரோடு நாம் பேசுவதற்குத் தாய் எழுதித் தந்த சம்மதம் கோப்பில் உள்ளது. வகுப்புக்கு ஆள் அனுப்பி அழைக்க வேண்டாம். அடுத்த சந்திப்பு செப்டம்பர் 16, மதிய இடைவேளை."

வகுப்புக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்ற வரியை முன்பு ஒரு பள்ளியில் நான் எழுத மறந்தேன். புதியவர் பியூனிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளை அதன்பின் மூன்று வாரம் ஆலோசனை அறைப்பக்கமே வரவில்லை.

"மனச்சோர்வு நோய்" என்று எழுதாதீர்கள். மருத்துவர் சொல்லாத நோய்ப்பெயர் கோப்பில் ஏறிவிட்டால், அடுத்தடுத்து வருபவர்கள் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

"தந்தையின் குடிப்பழக்கத்தை எழுதாவிட்டால் புதியவருக்கு என்ன புரியும்?" (மும்பை, ஆலோசகர்)

புரிய வேண்டியது என்ன என்பதே என் கேள்வி. மாலையில் தந்தை அழைக்க வந்தால் முதலில் தாய்க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு இருந்தால் அதை எழுதுங்கள். தந்தை எத்தனை ஆண்டாகக் குடிக்கிறார் என்பது குறிப்பில் வேண்டாம்.

"ஏற்க முடியவில்லை. அப்படியானால் அந்தப் பிள்ளை வீட்டுக் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் ஒரு துன்பம் அல்லவா?" (அதே மும்பை ஆலோசகர்)

துன்பம்தான், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எழுதட்டுமா என்று பிள்ளையிடமே கேட்டு, சரி என்றால் ஒரே வரி எழுதுவது என்ற அளவுக்கு நான் இறங்கி வருகிறேன். ஆனால் கேட்காமலே எழுதினால், புதியவர் எடுத்த எடுப்பில் "அப்பா இன்னும் குடிக்கிறாரா?" என்று தொடங்கிவிடக்கூடும், அதை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தில் இல்லாததை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்ற வாதமும் உண்டு. அதில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை.

"போக்சோ தொடர்பான விஷயம் என்றால் குறிப்பிலேயே எதுவும் இருக்கக்கூடாது, சரிதானே?" (பெங்களூர், ஆசிரியர்)

பாதி சரி. பிள்ளையின் அடையாளமும் நடந்தவற்றின் விவரமும் இருக்கக்கூடாது. ஆனால் புகார் எந்த நாளில், எந்தக் காவல் பிரிவிடம் கொடுக்கப்பட்டது என்பது இருந்தே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் அந்த 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி தெரிவிக்கும் கடமை, தெரிந்தவர் ஒவ்வொருவருக்கும் உரியது. குறிப்பை ஒப்படைத்ததால் உங்கள் கடமை அடுத்தவருக்கு மாறிவிடாது. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. பள்ளியை விட்டுப் போகுமுன் தெரிவியுங்கள்.

"எங்கள் மகளை மும்பைப் பள்ளிக்கு மாற்றுகிறோம். மாற்றுச் சான்றிதழில் இதையெல்லாம் எழுதுவார்களா?" (பெற்றோர்)

எழுத மாட்டார்கள். நான் பேசுவது ஒரே பள்ளிக்குள் நடக்கும் ஒப்படைப்பைப் பற்றி. புதிய பள்ளிக்கு எது போக வேண்டும் என்பதை இப்போதைய ஆலோசகரிடம் நேரில் பேசி, உங்கள் சம்மதத்தை எழுத்தில் கொடுங்கள்.

"வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?" (தில்லி, ஆசிரியர்)

கூடாது. பூட்டிய அலமாரியில் இருக்கும் தாளை, நேரில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

"அவசரம் என்றால் வாட்ஸ்அப்?" (பெங்களூர், ஆலோசகர்)

மேலே சொன்னதுதான். அவசரம் என்றால் தொலைபேசியில் பேசுங்கள்.

"ஒப்படைப்பதை மாணவனிடம் சொல்ல வேண்டுமா?" (தில்லி, பயிற்சி ஆலோசகர்)

சொல்ல வேண்டும், முடிந்தால் குறிப்பையே படித்துக் காட்டுங்கள். கோப்பு 14-ஐ நான் படித்தபோது அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆகஸ்ட் இருபது இல்லை மேடம், போன சனிக்கிழமை" என்றான். தேதியைத் திருத்தினேன், உன் அம்மாவிடம் இதைச் சொல்லப் போகிறேன் என்று அவனிடமே முதலில் சொல்லிவிட்டு, அன்று மாலையே அவரை அழைத்தேன். அடுத்த சந்திப்பையும் புதன்வரை தள்ளாமல் திங்கட்கிழமைக்கே மாற்றி, புதியவரையும் பக்கத்தில் உட்காரவைத்தேன்.