ரிசர்வ் வங்கியே கொடுத்துவிட்டால் என்ன?

கேள்வி: அரசு சந்தையில் கடன் வாங்கும்போதெல்லாம் எங்களைப் போன்ற சிறுதொழில்காரர்களுக்கு வர வேண்டிய வங்கிப் பணம் குறைகிறது, வட்டியும் ஏறுகிறது. ரிசர்வ் வங்கியே அரசுக்கு நேரடியாகப் பணம் கொடுத்துவிட்டால் இந்தப் போட்டியே இருக்காதே? அதை ஏன் சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருக்கிறார்கள்? (ஜவுளி உற்பத்தியாளர், கரூர்)

பதில்: நீங்கள் கேட்கும் ஏற்பாடு இந்த நாட்டில் 42 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அந்த ஆண்டுகளின் பிற்பகுதியில்தான் வங்கிக் கடனுக்காகத் தொழில்காரர்கள் மிகவும் திண்டாடினார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதால், அது நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மத்திய அரசின் கணக்கு ரிசர்வ் வங்கியில் இருக்கிறது. 1955-இல் இரு தரப்புக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அந்தக் கணக்கின் இருப்பு வெள்ளிக்கிழமை வேலை முடியும் நேரத்தில் 50 கோடி ரூபாய்க்குக் கீழே போனால், குறையும் தொகைக்கு 91 நாள் தவணையுள்ள கருவூல உண்டியல், அதாவது அரசின் குறுகியகாலக் கடன்சீட்டு ஒன்று ரிசர்வ் வங்கியின் பெயருக்கு எழுதப்படும், தொகை அரசின் கணக்கில் வரவு வைக்கப்படும். ஏலம் கிடையாது. 'இந்த வாரம் வேண்டாம்' என்று மறுக்கும் உரிமையும் ரிசர்வ் வங்கிக்கு இல்லை. இதைத்தான் அட்ஹாக் உண்டியல் என்றார்கள். வரி வருவதற்கும் செலவு செய்வதற்கும் இடையே விழும் சில வார இடைவெளியை அடைப்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடு இது. ஆனால் 91 நாள் முடிந்ததும் பழைய உண்டியலைப் புதிய உண்டியலால் அடைத்துக்கொண்டே போகலாம் என்பதால், தற்காலிகக் கைமாற்று நிரந்தரக் கடனாகிவிட்டது. 1974-க்குப் பிறகு இதற்கான வட்டி 4.6 விழுக்காட்டிலேயே நின்றது. விலைவாசி அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஏறிய ஆண்டுகளிலும் வட்டி மாறவில்லை.

இப்படி உருவாகும் பணம் அரசின் கணக்கில் தங்கிவிடுவதில்லை. சம்பளமாகவும் ஒப்பந்தக்காரருக்கான பட்டுவாடாவாகவும் அது வெளியே வந்து, யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கில் வைப்பாகிறது. அந்த வங்கிக்கு ரிசர்வ் வங்கியிலுள்ள இருப்பும் அதே அளவு கூடுகிறது. கூடிய இருப்பைக் கொண்டு வங்கி கடன் கொடுக்கும், அந்தக் கடன் வேறொரு வங்கியில் வைப்பாகும், அந்த வங்கி மீண்டும் கடன் கொடுக்கும். ஒரு ரூபாயாகத் தொடங்கியது பல ரூபாயாகப் பெருகும். நாட்டில் தறிகள் ஓடாமலும் ஆட்கள் வேலையின்றியும் இருந்தால் இதனால் உற்பத்தி கூடும். ஓட வேண்டிய தறியெல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் விலைதான் கூடும், ஏனென்றால் ரிசர்வ் வங்கியால் ரூபாயை உருவாக்க முடியுமே தவிர நூலையும் சிமென்ட்டையும் அந்நியச் செலாவணியையும் உருவாக்க முடியாது.

விலை ஏறுவதை ரிசர்வ் வங்கி கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க முடியாது. அரசுக்குப் பணம் போவதை நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. எனவே அந்தப் பணம் வங்கிகளின் வழியே பெருகும் இடத்தில் அணை போட்டது. வங்கிகள் தங்கள் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியில் முடக்கி வைக்க வேண்டும் என்பது ரொக்க இருப்பு விகிதம். 1973-இன் தொடக்கத்தில் 3 விழுக்காடாக இருந்த அது, 1989-இல் 15 விழுக்காடாயிற்று. அதோடு, அரசின் கடன்பத்திரங்களை வங்கிகள் கட்டாயமாக வாங்கி வைத்திருக்க வேண்டிய அளவு, அதாவது எஸ்.எல்.ஆர்., 1990-இல் 38.5 விழுக்காட்டை எட்டியது.

இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். கணக்கைச் சற்று எளிமைப்படுத்திச் சொல்கிறேன். ஒருவர் வங்கியில் 100 ரூபாய் போடுகிறார். 15 ரூபாய் ரிசர்வ் வங்கிக்குப் போய்விடுகிறது. 38.50 அரசின் கடன்பத்திரத்துக்குப் போகிறது. எஞ்சுவது 46.50. அதில் 40 விழுக்காடு முன்னுரிமைத் துறைக்கு என்ற விதிப்படி 18.60 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அந்த 18.60-க்குள் உங்களைப் போன்ற சிறுதொழில்காரர் உழவரோடும் சிறுவணிகரோடும் பங்கு கேட்டு நிற்க வேண்டும். மீதமுள்ள 27.90 ரூபாய்தான் பெரிய, நடுத்தரத் தொழில் அனைத்துக்கும். அரசு சந்தையில் நம்மோடு போட்டி போடவில்லை என்பது உண்மைதான். போட்டி தொடங்கும் முன்பே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது.

என் மாமா அப்போது பதினாறு விசைத்தறிகள் வைத்திருந்தார். 1991-இல் நடைமுறை மூலதனக் கடனை உயர்த்திக் கேட்டு அவர் வங்கிக்குப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். பணம் கட்டும் வரிசை வாசல்வரை நின்றது. உள்ளே மேலாளர், 'கொடுக்கப் பணமில்லை, தலைமை அலுவலகத்திலிருந்து நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார்கள்' என்றார். கண்ணெதிரே வந்து குவியும் பணம் எங்கே போகிறது என்று மாமாவுக்குப் புரியவில்லை. எனக்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகள் வாங்க வேண்டிய குறைந்தபட்ச வட்டியே 20 விழுக்காடு. அதற்கு அந்நியச் செலாவணி நெருக்கடியும் பெரிய காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. ஆயினும், அந்த நெருக்கடியைத் தாங்கும் வலு வங்கித் துறைக்கு இல்லாமல் போனதற்குப் பல ஆண்டுகளாக முடக்கப்பட்டிருந்த அந்த 53.50 ரூபாயும் காரணம்.

ஆகவே நீங்கள் இரண்டு வழிகளாகப் பார்ப்பது அந்த நாட்களில் ஒரே வழியின் முன்பாதியும் பின்பாதியுமாகவே இருந்தது. ரிசர்வ் வங்கி முதலில் அரசுக்கு இடம் கொடுத்தது. அதனால் பெருகிய பணத்தைக் கட்டுப்படுத்த, பிறகு தனியாரை நெருக்கித் தள்ளியது. சந்தையில் நடந்திருந்தால் வட்டி உயர்வாக எல்லோர் கண்ணுக்கும் பட்டிருக்கும் நெருக்கடி, இங்கே விகிதங்களுக்குள் மறைந்துகொண்டது. இப்படி மறைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். வட்டி ஏறினால் அரசின் கடன் எவ்வளவு செலவு வைக்கிறது என்பதாவது நாட்டுக்குத் தெரியும்.

1994 செப்டம்பரில், மன்மோகன் சிங் நிதியமைச்சராகவும் சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்தபோது, மூன்றாண்டுகளில் இந்த உண்டியல்களுக்கு முடிவு கட்டுவதென்று ஒப்பந்தமாயிற்று. ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த 1997 மார்ச்சில் துணை ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஏப்ரல் முதல் அவை நின்றன. அரசின் தற்காலிகத் தேவைக்கு வரம்பும் தவணையும் உள்ள முன்பணம் மட்டும் தரப்பட்டது. இந்த மாற்றத்துக்கு விலை இருந்தது. ஏலத்தில் கடன் வாங்கத் தொடங்கிய அரசு, 1995-96-இல் தன் நீண்டகாலப் பத்திரங்களுக்குச் சராசரியாக 13.75 விழுக்காடு கொடுக்க நேர்ந்தது. அரசின் கடன் வட்டியை ஏற்றித் தனியாரை ஒதுக்கிவிடும் என்று பாடநூல் சொல்லும் நெருக்கித் தள்ளுதல் அப்போது வெளிப்படையாகவே நடந்தது, தொழில் துறையும் உரக்கக் குரல் கொடுத்தது. ஆனால் அதே பத்தாண்டில் ரொக்க இருப்பு விகிதத்தையும் எஸ்.எல்.ஆரையும் படிப்படியாக இறக்க முடிந்தது. எஸ்.எல்.ஆர். 1997 அக்டோபரில் 25 விழுக்காட்டுக்கு வந்தது. அரசின் பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி 2006 ஏப்ரல் முதல், அரசு வெளியிடும் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்குவதும் நின்றது. நீங்கள் குறிப்பிடும் தடை இதுதான்.

அப்படியானால் அரசு கடன் வாங்கினாலே தனியாருக்குப் பணம் குறையும் என்ற உங்கள் முதல் வாக்கியமாவது சரியா? அதுவும் எப்போதும் சரியில்லை. 2020 மே 8 அன்று அந்த ஆண்டின் கடன் திட்டம் 7.8 லட்சம் கோடியிலிருந்து 12 லட்சம் கோடி ரூபாயாக ஒரே அறிவிப்பில் உயர்த்தப்பட்டது. வட்டி எகிறியிருக்க வேண்டும். ஆனால் பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி பெரும்பாலும் 6 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஊரடங்கில் ஆலைகள் மூடிக் கிடந்தன, புதுக் கடன் கேட்டு வருவோர் குறைவு. அந்த ஆண்டு வங்கிகளின் வைப்பு 11 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது, கடனோ 6 விழுக்காடுகூட வளரவில்லை. வரிசையில் யாரும் நிற்காதபோது யாரை நெருக்கித் தள்ளுவது? எஞ்சிய பணத்தை வங்கிகள் 3.35 விழுக்காடு வட்டிக்கு ரிசர்வ் வங்கியிலேயே போட்டு வைத்தன.

அந்த ஆண்டு ரிசர்வ் வங்கியும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் நிலைச் சந்தையில், அதாவது ஏற்கெனவே வங்கிகளின் கையிலிருந்த பத்திரங்களை, நிகரமாக 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியது. இதுவும் அரசின் கடனுக்கு இடம் கொடுப்பதுதான், பெயர் வேறு என்பதற்காக அதை மறுக்க வேண்டியதில்லை. பழைய உண்டியலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, முடிவு யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. எவ்வளவு வாங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை ரிசர்வ் வங்கி தீர்மானித்தது. 2021 அக்டோபரில் அது அந்தக் கொள்முதல் திட்டத்தை நிறுத்தியது. 2022-இல் விலைவாசி ஏறியபோது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான, 4 விழுக்காடாயிருந்த ரெப்போ வட்டியை ஓராண்டுக்குள் 6.5 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக அதனால் முடிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தானாக எழுதப்படும் உண்டியலை எந்த ஆளுநராலும் அப்படி நிறுத்தியிருக்க முடியாது.

உங்களுக்கு நடைமுறையில் பயன்படுவது ஒன்று உண்டு. அரசு கூடுதலாகக் கடன் வாங்குகிறது என்ற செய்தி வரும்போது தொகையை மட்டும் பார்க்காதீர்கள். வங்கிகள் தங்கள் உபரியை ரிசர்வ் வங்கியில் போடுகின்றனவா, அல்லது அங்கிருந்து தினமும் கடன் வாங்குகின்றனவா என்று பாருங்கள். வங்கிக் கடன் வைப்பைவிட வேகமாக வளர்கிறதா என்று பாருங்கள். உபரி இருந்து, கடன் வளர்ச்சியும் மந்தமாக இருந்தால், அரசின் கடன் உங்கள் பங்கை எடுக்கவில்லை. அப்போது உங்கள் மேலாளர் கடன் மறுத்தால் காரணம் வேறு, அது என்னவென்று அவரிடம் கேட்கலாம். வங்கிகளே பணத்துக்குத் தவித்து, கடனும் வைப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் புகார் நியாயமானது. அந்த நேரத்தில் ரிசர்வ் வங்கி அரசுக்கு நேரடியாகக் கொடுத்தால் முதலில் உங்கள் நூல் விலை ஏறும், பிறகு உங்கள் கடனின் வட்டி ஏறும்.

சட்டத்தின் தடையும் முற்றாக மூடிய கதவு அல்ல. 2018-இல் செய்த திருத்தத்தின்படி, பற்றாக்குறை இலக்கை மீறச் சட்டமே அனுமதிக்கும் அசாதாரணச் சூழலில் ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கலாம். பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 விழுக்காட்டைத் தாண்டிய 2020-21-இலும் அந்த வழி பயன்படுத்தப்படவில்லை.