கோபுரமா, விமானமா? படம் அனுப்பிக் கேட்டவர்களுக்கு

மயிலாப்பூர் வாசகி: வடக்கு மாட வீதியிலிருந்து நான் எடுத்த படம். ஒல்லியாக, உச்சியில் ஒரே ஒரு கலசத்தோடு தெரிகிறது. கபாலீசுவரர் விமானம்தானே?

இல்லை அம்மா, அது கிழக்கு ராஜகோபுரம். அதன் விலாப்புறத்தைப் படம் எடுத்திருக்கிறீர்கள். கோபுரத்துக்கு அடி செவ்வகம், அகலப் பக்கம்தான் வாசல் பக்கம். உச்சி மாட்டு வண்டிக் கூண்டு போல நீளமாக வளைந்திருக்கும். அதன் முதுகில் கலசங்கள் வரிசையாக நிற்கும். இந்தக் கோபுரத்தில் வரிசை வடக்கு தெற்காக ஓடுகிறது. வடக்கே நின்றால் முதல் கலசம் மற்றவற்றை மறைத்துவிடும்.

படத்தைப் பெரிதாக்கி உச்சிக்குச் சற்றுக் கீழே பாருங்கள். குதிரை லாடம் போல ஒரு வளைவு, அதன் மேல் முழித்துப் பார்க்கும் யாளி முகம். கூண்டின் வாய் அதுதான். அடுத்த முறை கிழக்கே போய் எடுங்கள். அதே கோபுரம் அகலமாகிவிடும், நிலைக்கு ஒரு திறப்பு நடுவில் தெரியும். விமானத்துக்கு அடி பெரும்பாலும் சதுரம் என்பதால், சுற்றி வந்தாலும் உருவம் அவ்வளவாக மாறாது.

தாம்பரம் வாசகர்: உயரமானது கோபுரம், குட்டையானது விமானம் என்று வைத்துக்கொள்ளலாமா?

தஞ்சாவூரில் ஏமாந்துபோவீர்கள். 1010இல் முடிந்த ராஜராஜன் கோயிலில் வானத்தைத் தொடுவது விமானம், வாசல் கோபுரங்கள் குட்டை. பிற்காலத்தில்தான் வெளிமதில் கோபுரங்கள் வளர்ந்தன. உயரத்தை நம்பாதீர்கள்.

பெரம்பூர் வாசகர்: எங்கள் தெருக் கோயில் கும்பாபிஷேகம் எப்போது?

கோயில் அலுவலகத்தில் கேளுங்கள்.

அடையாறு வாசகி: ராமேசுவரம் படம். இத்தனை தூண்கள் இருப்பதால் ஆயிரங்கால் மண்டபமா?

பிராகாரம். இரு பக்கத் திண்ணைமேல் தூண்கள், நடுவில் ஒரே நேராக நடைபாதை. மண்டபம் என்றால் குறுக்கே பார்த்தாலும் தூண் வரிசைகள் அடுக்கடுக்காகப் போகும்.

வேளச்சேரி வாசகர்: பெரிதாக இருப்பதுதானே ராஜகோபுரம்?

தாம்பரத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். உயரத்தை நம்பாதீர்கள்.

அண்ணாநகர் வாசகர்: எதற்கு இத்தனை விளக்கம்? ஒரு கலசம் விமானம், பல கலசம் கோபுரம்.

பாதி சரி. சிதம்பரம் சிற்சபையின் பொற்கூரையில் ஒன்பது கலசங்கள், கீழே நடராஜர். மாமல்லபுரத்து பீம ரதத்துக்கும் உச்சி கூண்டு வடிவம்தான், அது வாசல் இல்லை. அதனால் முதலில் கீழே பாருங்கள். ஆள் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி இருந்தால் கோபுரம். வழி கருவறையில் முடிந்தால் மேலே இருப்பது விமானம்.

அண்ணாநகர் வாசகர், மறுபடியும்: சிற்சபை விமானமே இல்லை, அது சபை. அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

சபைக் கூரையை விமானம் எனலாமா என்பது நல்ல கேள்வி. அதில் நீங்கள் சொல்வதற்கு இடம் இருக்கிறது. ஆனால் படத்தில் கலசத்தை மட்டும் எண்ணுகிறவர் அதைக் கோபுரம் என்றுதானே எழுதுவார்? சரி, பீம ரதத்துக்கு என்ன சொல்கிறீர்கள்?

அண்ணாநகர் வாசகர்: அது முடியாத ஒற்றைக்கல் வேலை, கலசமே வைக்கவில்லை. என் விதி அப்படியே நிற்கிறது.