ஐந்து நாள் ஸ்டீராய்டை டக்கென்று நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. ஆஸ்துமாவும் சுகரும் உண்டு. போன வாரம் இளைப்பு அதிகமானதால் டாக்டர் பிரெட்னிசோலோன் 20 மி.கி. மாத்திரை தினமும் இரண்டு வீதம் ஐந்து நாள் எழுதினார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிறோம். மூன்று நாள் ஆயிற்று. இளைப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை, காலையில் 130 இருந்த சுகர் 260க்குப் போய்விட்டது. இன்றோடு நிறுத்திவிடலாமா? "ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, பாதி, கால் என்று குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்" என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள். இந்த வருடம் இது இரண்டாவது தடவை.

பதில்: மூன்றாம் நாளோடு நிறுத்த வேண்டாம். பாதி, கால் என்று நீட்டவும் வேண்டாம். ஐந்து நாளும் முழு அளவைக் கொடுத்துவிட்டு ஐந்தாம் நாளோடு நிறுத்திவிடுங்கள். ஆனால் மாத்திரை கொடுக்கும் நேரத்தை மாற்றுங்கள். உங்கள் இரண்டு தொல்லைகளிலும் பாதி அதனால்தான் வருகிறது.

மருந்துக்கடையில் சொன்னது தவறான விதி அல்ல. வேறு ஆளுக்கான விதி. நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கின்றன. மாத்திரைக் கணக்கில் அது ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். வெளியிலிருந்து 40 மி.கி. வந்தால், "வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது" என்று மூளை சுரப்பிக்குச் சொல்லிவிடும். சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஐந்து நாள் சும்மா இருந்த சுரப்பி, மருந்து நின்றதும் சில நாட்களில் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். மாதக்கணக்கில் சும்மா இருந்தால் அது சுருங்கிப்போகும், எழுந்து வர வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகும். மூட்டுவாதம், சிறுநீரக நோய் போன்றவற்றுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் "சட்டென்று நிறுத்தாதீர்கள்" என்று சொல்வது இதற்காகத்தான். ஆஸ்துமாவுக்கு இரண்டு வாரத்துக்கும் குறைவாக எடுத்தால் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை என்பதே வழிகாட்டு நெறி. திடீர் தடிப்பு, அரிப்புக்கு மூன்று நாள், ஐந்து நாள் என்று எழுதுவதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

குறைத்துக் குறைத்து நிறுத்துவது கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மி.கி. ஐந்து நாள் என்றால் மொத்தம் 200 மி.கி. அதன்பின் ஐந்து நாள் 20, இன்னொரு ஐந்து நாள் 10 என்று இறங்கினால் மேலும் 150 மி.கி. உள்ளே போகும். சுகர் ஏறியிருக்கிற ஒருவருக்கு அந்தத் தொல்லையைப் பத்து நாள் நீட்டியதாகும், வேறு பலன் இல்லை.

பிறகு ஏன் பலருக்கு நிறுத்திய ஒரு வாரத்தில் இளைப்பு திரும்புகிறது? சுரப்பி காரணமல்ல, ஆஸ்துமாதான் காரணம். மாத்திரை மூச்சுக்குழலின் வீக்கத்தை அப்போதைக்கு அடக்குகிறது. தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை "சரியாகிவிட்டதே" என்று மூலையில் வைத்துவிட்டால் வீக்கம் மறுபடி வரும். அப்போது பழி "டக்கென்று நிறுத்தியதன்" மேல் விழுகிறது. மாத்திரை ஓடும் நாட்களிலும் அந்த இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.

இப்போது நேரத்துக்கு வருவோம். உடம்பின் சொந்தக் கார்ட்டிசால் அதிகாலையில் ஏறி இரவில் இறங்கும். இரவு ஒன்பது மணிக்கு 40 மி.கி. கொடுத்தால், தூங்க வேண்டிய நேரத்தில் உடம்பை விழிக்கச் சொன்ன மாதிரி ஆகிவிடும். சுகரும் இரவெல்லாம் ஏறிக் காலையில் 260 காட்டும். மூன்றாவது டோஸ் நேற்றிரவு போயிருந்தால், நான்காவதை இன்று மதியச் சாப்பாட்டோடும் ஐந்தாவதை மறுநாள் காலைச் சாப்பாட்டோடும் கொடுங்கள். இரண்டு மாத்திரையையும் ஒரே வேளையில் கொடுக்கலாம்.

நேரத்தை மாற்றியதும் சுகர் ஏறும் வேளையும் மாறும். காலையில் மாத்திரை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகிலிருந்து இரவு வரைதான் அதிகம் ஏறும், வெறும் வயிற்றுச் சுகர் நன்றாக இருப்பது போலவே தெரியும். ஆகவே காலையில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பாருங்கள். 300ஐத் தாண்டி நின்றாலோ, தாங்க முடியாத தாகம், வாந்தி, மயக்கம் இருந்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். சுகர் மருந்தை நீங்களாகக் கூட்ட வேண்டாம். டாக்டர் கூட்டினால், ஸ்டீராய்டு நின்றதும் எப்போது பழைய அளவுக்குத் திரும்புவது என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை நின்ற சில நாட்களில் சுகர் இறங்கும். கூட்டிய மருந்தை அப்படியே தொடர்ந்தால் சுகர் அளவுக்கு மீறித் தாழ்ந்துபோய்விடும்.

இந்த ஐந்து நாளில் அதிகப் பசி, முகம் சிவப்பது, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரலாம். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் விட்டால் தானாகப் போய்விடும். ஆனால் கறுப்பாக மலம் போவது, காய்ச்சல், பேச்சிலும் நடத்தையிலும் குழப்பம் ஆகியவற்றைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. மூட்டுவலிக்கு எடுக்கும் வலிமாத்திரையை இதோடு சேர்க்க வேண்டாம், வயிற்றில் புண்ணும் ரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு கூடும்.

குறைத்து நிறுத்தத் தேவையில்லை என்று நான் சொல்வது, இதற்கு முன் சுரப்பி நன்றாக இருந்தவர்களுக்கு. என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு இதே ஐந்து நாள் மாத்திரை எழுதினேன். முடிந்து ஒரு வாரத்தில் எழுந்து நின்றால் தலைசுற்றல், வாந்தி, கை கால் ஓய்ந்துபோனது என்று வந்தார். கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே செய்தித்தாள் துண்டில் மடித்த சின்ன மாத்திரைகள். முழங்கால் வலிக்கென்று ஆறு மாதமாகக் கடையில் உதிரியாக வாங்கி விழுங்கியிருக்கிறார், அதில் ஒன்று டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. என் மாத்திரைகளோடு சேர்த்து அதையும் நிறுத்தியிருந்தார். நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இளைப்புக்கென்று விற்கும் பெயரில்லாத பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. உங்கள் அம்மா அப்படி எதையாவது எடுத்திருந்தாலோ, மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு ஓடியிருந்தாலோ, ஒரு வருடத்தில் மூன்று நான்கு முறை எடுத்திருந்தாலோ, நிறுத்தும் முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கடைசியாக, அந்த "இரண்டாவது தடவை". எனக்கு ஐந்து நாளைவிட அதுதான் கவலை. ஒரு தடவைக்கு 200 மி.கி. என்றால் ஐந்து தடவையில் ஒரு கிராம் ஆகிவிடும். வாழ்நாள் கூட்டுத்தொகை அரை கிராமிலிருந்து ஒரு கிராமை எட்டும்போதே எலும்புத் தேய்வு, கண்புரை போன்றவற்றின் வாய்ப்பு கூடுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒரு தாளில் ஸ்டீராய்டு எடுத்த தேதி, அளவு, எத்தனை நாள் என்று எழுதி அம்மாவின் ஃபைலில் வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும் இன்ஹேலரையும் எடுத்துப்போய், அம்மா எப்படி உறிஞ்சுகிறார் என்று அவர் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.